பலாத் தூண்

என்னை விலை பேச ஆள் வந்திருக்கிறது. காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர், கையில் டேப், கூட ஒரு ஆசாரி. முகப்பைத் தாண்டி வளவுக்குள் வந்ததும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும். பார்ப்பதற்கென்றே கட்டிய வீடு நான்.

ஆனால் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு, இன்றைக்கும் முகம் தெரியும். பெயர்த்துக்கொண்டு போக முடியாதாம், அதனால் கணக்கில் சேராது. அவர்களுக்கு வேண்டியது 12 தூண்கள்.

எனக்குப் பங்கு ஐந்து. சென்னைக்காரருக்கு அரை. சிங்கப்பூருக்குக் கால். கோயம்புத்தூருக்கு அரைக்கால். மிச்சத்தில் காரைக்குடியில் ஒருவருக்கு வீசம், இங்கேயே இருக்கும் ஆச்சிக்கு வீசம். மூன்று பேர் போனுக்குள் இருந்தார்கள். காரைக்குடிக்காரர் மட்டும் நேரில் வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

விற்றுப் பணமாகப் பிரித்திருந்தால் காலையிலேயே முடிந்திருக்கும். சென்னைக்காரர் ஈசிஆரில் வீடு கட்டுகிறார். "என் பங்குக்கு ஆறு தூணை நான் எடுத்துக்கிறேன், மத்ததை வித்துக்குங்க" என்றார். உடனே சிங்கப்பூருக்கும் மூன்று தூண் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கோயம்புத்தூருக்கு ஒன்றரை. அரைத் தூணை எந்த ஊரில் கொண்டுபோய் நடுவது? வீசக்காரர்களுக்கு ஆளுக்கு முக்கால். வட்டிக்கு வட்டி போட்டு ரங்கூனையே ஆண்ட குடும்பம், ஒரு மணி நேரம் இதை வைத்துக்கொண்டு மன்றாடியது.

இந்த நேரத்தில்தான் ஆசாரி ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போனார். எனக்குப் பக்கென்றது. தென்மேற்கு மூலைத் தூணில் நின்றார். மறுபடி தட்டினார். நகத்தால் சுரண்டினார்.

"இது தேக்கு இல்லண்ணே. பலா."

84 வருஷமாக நான் காப்பாற்றிய ரகசியம் போயிற்று. 1942 தை மாதம் எனக்குப் புதுமனை புகுவிழா. பதினோரு தூண்கள் பர்மாவிலிருந்து முன்னமே வந்துவிட்டன. பன்னிரண்டாவது, ரங்கூன் மரக்கிடங்கில் ஏற்றுவதற்குக் காத்துக் கிடந்தது. முந்தின டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். தூணும் வரவில்லை, தகவலும் வரவில்லை. சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பெரிய ஐயா, தோட்டத்துப் பலாவை வெட்டி ராத்திரியோடு ராத்திரியாக இழைக்கச் சொல்லி, மேலே கருப்பாக எண்ணெய்ச் சாயம் ஏற்றினார். சோறு பரிமாறியபோது அந்தத் தூணில் அவரே சாய்ந்து நின்றுகொண்டார், யாரும் தடவிப் பார்க்கக் கூடாதென்று. அந்த வருஷமே ரங்கூன் கடையில் இருந்த பெட்டியடிப் பையன் காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தான். பெட்டி வரவில்லை. அப்புறம் பர்மாவும் வரவில்லை, கொடுத்த கடனும் வரவில்லை. தூண் மட்டும் நின்றது.

போனுக்குள் ஒரே நிசப்தம். பிறகு சென்னை சொன்னது: "என் ஆறுல அது வேணாம்."

"எனக்கும் வேணாம்" என்றது சிங்கப்பூர்.

கோயம்புத்தூர் அரைத் தூணையே விட்டுக்கொடுத்து ஒன்றுக்கு இறங்கி வந்தது. ஊஞ்சல் நின்றது.

ஆச்சி அதுவரை வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பன்னிரண்டு தூணுக்கும் எண்ணெய் தேய்த்துத் துடைப்பவர் அவர்தான். வாழ வந்த நாளிலிருந்து.

"யாருக்கும் வேணாம்னா என் பங்குக்கு அதைக் குடுத்துருங்க" என்றார்.

"சின்னாத்தா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீகளா? அதுக்கு ஒண்ணும் தேறாது" என்றது சென்னை. குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட இல்லை.

"எனக்கு வீசந்தானப்பா. போதும்."

கடைக்காரர் நோட்டில் எழுதினார், காரைக்குடிக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மற்ற மூவரும் போனிலேயே சம்மதம் என்றார்கள். ஐந்து பேர் ஒரே பேச்சில் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆசாரி மட்டும் நிமிர்ந்து மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கக் கூரைச் சரிவும் அங்கேதான் கூடுகிறது. மழைத் தண்ணீரும் அந்த மூலை வழியாகத்தான் முற்றத்தில் விழும்.

"அண்ணே, இந்த மூலையில ஆரம்பிச்சுத்தான் ஓட்டை இறக்கணும். இந்தத் தூணைக் கழட்டாம மத்த பதினொண்ணுல கை வைக்க முடியாது."

"அதுக்கென்ன, ஆச்சி தூணையும் சேர்த்துக் கழட்டிருவோம்" என்றார் கடைக்காரர்.

"என் தூணை நான் விக்கிறேன்னு சொல்லலையே" என்றார் ஆச்சி. "பேசுன பேச்சு நோட்டுல இருக்கு. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

போன் கத்த ஆரம்பித்தது. எங்கே தொட்டால் அணையும் என்று ஆச்சிக்குத் தெரியவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தார்.