பேட்ச் ஒர்க், ரீஷூட் பட்டியல்: ரஃப் கட்டுக்குப் பிறகு

தயாரிப்பு எண் 1
அக்டோபர் 30
கேமரா, எடிட்டிங், சவுண்ட், ஆர்ட், காஸ்ட்யூம், மேக்கப், புரொடக்‌ஷன் மேனேஜர், அசிஸ்டென்ட்கள் எல்லோருக்கும்

உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சியைப் பற்றிய நம் படத்தின் ரஃப் கட் 2 மணி 26 நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமை எடிட் ரூமில் ஒன்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். கதை தெரியாமல் வந்த ஆறு பேரில் ஐந்து பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "பேச்சிக்கு எப்போதிருந்து கண் தெரியவில்லை?"

சீன் 58, ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லும்வரை அவர்களுக்கு அது தெரியவே இல்லை. சீன் 41-ல் தூக்குவாளியைத் தட்டிவிடுவதைக் கோபம் என்று நினைத்துவிட்டார்கள். மகள் மாரி தன் அம்மா பேச்சியிடம் முகம் திருப்பிக்கொள்வது அதனால் வேறு அர்த்தமாகிவிட்டது. இது எழுத்தில் நான் விட்ட ஓட்டை, எடிட்டிங்கில் வந்ததல்ல. எடிட்டர் ஒரு வாய்ஸ் ஓவர் போட்டுக் காட்டினார். விஷயம் புரிகிறது, ஆனால் பேச்சி தன் வாயால் சொல்கிற பெண்ணே இல்லை. அதனால் வாய்ஸ் ஓவர் வேண்டாம், ஷாட்டாகவே எடுப்போம்.

1. பேச்சியின் கண் (முதல் முக்கியத்துவம். நேரம் போதாவிட்டால் மற்றதை விடலாம், இதை விடக்கூடாது)

நடிகைக்கு உப்பு வாரக் கற்றுக்கொடுத்த தூத்துக்குடி அம்மாவும் அன்று படம் பார்த்தார். "கண்ணு மங்குனவ காலாலதான் பாத்தியைப் பார்ப்பா" என்றார். மொத்த பேட்ச் ஒர்க்கும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

சீன் 12ஏ (புதிது): விடிவதற்கு முன். பேச்சி பாத்தியில் இறங்கும் முன் ரப்பர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைக்கிறாள். வலது பாதம் வரப்பின் ஓரத்தைத் தடவித் தேடுகிறது, கிடைத்ததும் இறங்குகிறாள். முழங்காலுக்குக் கீழே மட்டும், ஒரே ஷாட், 50 எம்.எம். கட் பண்ணாமல் குறைந்தது 20 வினாடி வேண்டும்.

சீன் 23-க்குச் சேர்க்க: மதியம். நெற்றிக்கு மேல் கையை வைத்து எதிரே வரும் ஆளைப் பார்க்கிறாள். ஆள் கிட்டத்தில் வந்து குரல் கொடுத்த பிறகுதான் சிரிக்கிறாள். பேச்சியின் க்ளோஸ் மட்டும் போதும், வருகிறவரைக் காட்ட வேண்டாம்.

சீன் 36-க்குச் சேர்க்க: வாருபலகை வரப்பில் இடித்து நிற்கிறது. கைப்பிடியில் அவள் கை, அப்புறம் முகம்.

இந்த மூன்றும் வந்தால் தூக்குவாளி சீனை மறுபடி எடுக்கவே வேண்டாம். இருக்கிற டேக்கே சரியாக நிற்கும். அன்று நடிகை செய்தது நிஜமாகவே நல்ல டேக், அதைத் தொட எனக்கு மனமில்லை.

ஆர்ட் டிபார்ட்மென்ட்டுக்கு: நாம் போகும்போது வடகிழக்குப் பருவமழை. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வெள்ளையாக ஒரு பாத்தியும் இருக்காது. ஜனவரிவரை காத்திருக்கவும் முடியாது. ஆகவே மேடான இடத்தில் 12 அடிக்கு 8 அடி பாத்தி ஒன்று கட்டுகிறோம். களிமண் அங்கேயே கிடைக்கும். போன சீசன் உப்பு அம்பாரங்களில் மூடி வைத்திருக்கிறார்கள், 25 மூட்டை பேசியாகிவிட்டது. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும்: பாத்தியில் நல்ல தண்ணீர் ஊற்றினால் கல் உப்பு கரைந்துவிடும். உப்பைப் போட்டுப் போட்டு, இனி கரையாது என்னும் அளவுக்கு முதல் நாளே கரைசல் தயார் செய்து, அதைத்தான் ஊற்ற வேண்டும். மழைத்துளி விழுந்தாலும் கெட்டுவிடும், மேலே தார்ப்பாய்ப் பந்தல் கட்டாயம்.

கேமராவுக்கு: மே மாதம் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதித்தது. நவம்பர் கடைசியில் தெற்கே தள்ளி உதிக்கும். இரண்டுக்கும் நடுவில் சுமார் 40 டிகிரி வித்தியாசம். பழைய வைடுடன் ஒட்டவேண்டுமானால் நம் பாத்தியை அந்த அளவுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். திசைகாட்டி வைத்து முந்தின நாளே கோடு போட்டுவிடலாம். மேகமாக இருந்தால் 12ஏ-வுக்கு நல்லதுதான். 23-க்கு மட்டும் லைட் வேண்டும், கூடவே கீழே வெள்ளைத் துணி விரித்து முகத்தில் அந்தக் கூச்சத்தைக் கொண்டுவர வேண்டும்.

2. மழைக்கால அட்வான்ஸ், சீன் 9 (ரீஷூட், வெளிப்புறம் மட்டும்)

மே மாதம் லாரித் தண்ணீரில் மழை பெய்ய வைத்தோம். கீழே நிழல் விழுகிறது, பின்னால் அம்பாரம் பளீரென்று தெரிகிறது. மழைக்காலம் என்று யாரும் நம்பவில்லை. வேலை இல்லாததால்தான் பேச்சி அட்வான்ஸ் வாங்குகிறாள், அந்த அட்வான்ஸால்தான் அடுத்த சீசன் முழுக்க அந்த அளத்தை விட்டு நகர முடியாமல் இருக்கிறாள். இது பொய்யாகத் தெரிந்தால் பின்னால் வருவதெல்லாம் பொய். இப்போது நிஜமாகவே நீர் நிற்கிறது. வரப்பு மட்டும் கோடாகத் தெரிய, நடுவில் அவள் குடையில்லாமல் நடந்து வரும் ஒரு எக்ஸ்ட்ரீம் லாங். ஆபீஸ் உள்ளே எடுத்தது அப்படியே இருக்கட்டும்.

3. அட்வான்ஸ் இருபதாயிரம் எங்கே போனது?

சீன் 33-ல் மாரி "அட்வான்ஸ் எங்கம்மா?" என்று கேட்கிறாள். நமக்குப் பதில் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சீன் 10-க்குப் பின் ஒரே இன்செர்ட்: வட்டிக்காரர் வீட்டு ஜன்னல் கம்பி வழியாக நோட்டுக்கட்டு உள்ளே போகிறது, நான்கு ஐநூறு ரூபாய் நோட்டு திரும்பி வருகிறது. அவள் அதை மஞ்சள் பையில் வைக்கிறாள். வசனம் கிடையாது.

4. கணக்கப்பிள்ளை மனம் மாறுவது

சீன் 61-ல் திடீரென்று நல்லவராகிவிடுகிறார் என்று எல்லோருமே சொன்னார்கள், சரிதான். சீன் 36-ல் வாருபலகை இடிப்பதை அவர் பார்த்துவிட்டார் என்று காட்டினால் போதும். நடிகர் அரை நாள்தான் தர முடியும். வேறு படத்துக்குத் தாடி வளர்த்திருக்கிறார், எடுக்கச் சொல்ல முடியாது. எனவே முகம் இல்லை. வருகைப் பதிவேட்டில் பேனா எழுதிக்கொண்டே வந்து பேச்சியின் பெயரில் நிற்கிறது. அவர் தலைக்குப் பின்னாலிருந்து ஜன்னல், வெளியே மங்கலாக ஓர் உருவம். பேனா மறுபடி எழுதுகிறது. முகம் கிடைத்திருந்தாலும் இப்படித்தான் எடுத்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சில்லறை இன்செர்ட்கள்: சொட்டு மருந்து பாட்டில் (சீன் 63), மாரியின் அட்மிஷன் கார்டு (சீன் 30, தேதி ஆகஸ்ட் என்று இருக்கட்டும், பழையதில் தப்பு), பம்ப்செட் பெல்ட் சுற்றுவது.

கன்டினியூட்டி: பேச்சிக்குச் சீன் 20 முதல் 40 வரை இடது குதிகாலில் துணிக்கட்டு. 12ஏ-வில் கிடையாது, 36-ல் உண்டு. நீலச் சட்டையைத் துவைக்காமல் எடுத்து வரவும், அந்த உப்புக் கறை திரும்ப வராது. மாரி முடி வெட்டியிருக்கிறார். அவருக்கு முதுகு ஷாட் ஒன்றுதான், சவுரி போதும்.

சவுண்ட்: பாதம் உப்பில் அழுந்தும் நறநறப்பைத் தனியாக, கிட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். படத்தில் மூன்று இடத்தில் அதைப் பயன்படுத்துவோம். நீர் நிற்கும் அளத்தின் ஆம்பியன்ஸ் ஐந்து நிமிடம், யூனிட் முழுக்க அமைதியாக.

நாட்கள்: நவம்பர் 21 பாத்தி கட்டுதல். 22 காலை 4.30-க்கு ஸ்பாட்டில் இருக்க வேண்டும், சீன் 12ஏ, அப்புறம் சீன் 23, சீன் 36. நவம்பர் 23 காலை கணக்கப்பிள்ளை, மதியம் வட்டிக்காரர் வீடு. சீன் 9 வானம் எப்போது இருட்டுகிறதோ அப்போது, மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் போகிறோம். 24 கையிருப்பு நாள்.

புரொடக்‌ஷன் மேனேஜருக்கு: பாத்தி கட்ட, மே மாதம் நம்மோடு இருந்த அதே எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இது வேலையில்லாத மாதம். அதைச் சாக்காக வைத்துக் கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம். மே மாதம் கொடுத்ததையே, அன்றன்று மாலை கையில் கொடுத்துவிடுங்கள்.