தம்பிக்கு வாராவாரம் படிக்க ஒரு ப்ளான்

தம்பி, மெஷின் லேர்னிங் வேலை இன்டர்வியூக்கு எப்படி தயாராகணும்னு நேத்து போன்ல சொன்னத எழுதி அனுப்புறேன், ரூம் செவத்துல ஒட்டிக்கோ. ஆகஸ்ட்ல கம்பெனிங்க கேம்பஸ்க்கு வர்ற வரைக்கும் ஒவ்வொரு வாரமும் இதே ஓட்டம் தான். காலேஜ் நாள்ல காலைல 5:30ல இருந்து 7 மணி, ராத்திரி 8ல இருந்து 10, அவ்ளோ போதும், அதுக்கு மேல முழிக்காத. பஸ்ல புஸ்தகத்த திறக்க வேணாம், கோவில்பட்டில இருந்து திருநெல்வேலி வர்ற ஒன்னேகால் மணி நேரம் காதுல இங்கிலீஷ் கேளு, என்பிடெல்ல பேராசிரியர் பாலராமன் ரவீந்திரனோட மெஷின் லேர்னிங் லெக்சர் இருக்கு, டவுன்லோட் பண்ணி வச்சுக்கோ.

திங்கள், செவ்வாய்: கணக்கு. பிஎஸ்சி மேத்ஸ் தமிழ் மீடியம்ல படிச்சேன்னு கூச்சப்படவே கூடாது. வகைக்கெழு தான் டெரிவேட்டிவ், அணி தான் மேட்ரிக்ஸ், திசையன் தான் வெக்டர், நிபந்தனை நிகழ்தகவு தான் கண்டிஷனல் ப்ராபபிலிட்டி, பிளஸ் ஒன் புக்ல போட்ட பேயீஸ் தேற்றத்த வச்சு தான் நைவ் பேயஸ்ங்கிற மாடலே ஓடுது. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ்னு ஒரு நோட்டு போடு, வாரம் 15 வார்த்தை. லீனியர் ரெக்ரஷனுக்கு கிரேடியன்ட் டிசென்ட்ட மூணு புள்ளிய வச்சு கைல ரெண்டு ஸ்டெப் போட்டு பாரு, லேர்னிங் ரேட்ட பெருசா வச்சா எப்படி தாண்டி குதிக்குதுன்னு அப்ப தான் கண்ணுல தெரியும்.

புதன்: கோடிங். டைட்டானிக் டேட்டாசெட் எடுத்துக்கோ, ட்ரெயின் ஃபைல்ல 891 பேர், அதுல 342 பேர் தான் பொழச்சாங்க. அப்போ "எல்லாரும் செத்துட்டாங்க"ன்னு சொல்ற மாடலுக்கே 61.6% அக்யுரசி வந்துரும், உன் மாடல் அத எவ்ளோ தாண்டுதுன்னு மொதல்ல பாரு. இன்னொன்னு, ஸ்கேலிங்க ஸ்ப்ளிட்டுக்கு அப்புறம் தான் பண்ணனும், நான் என் மொத இன்டர்வியூல மாட்டுனதே இங்க தான், மொத்த டேட்டாக்கும் ஸ்கேலர் ஃபிட் பண்ணிட்டு 'டேட்டா லீக்கேஜ்னா என்ன'ன்னு கேட்டப்ப முழிச்சேன், டெஸ்ட் டேட்டா விவரம் ட்ரெயினிங்குக்குள்ள கசியுறது தான் அது.

```python
X_tr, X_te, y_tr, y_te = train_test_split(
    X, y, test_size=0.2, stratify=y, random_state=42)
sc = StandardScaler().fit(X_tr)
X_tr, X_te = sc.transform(X_tr), sc.transform(X_te)
```

பாக்காம இத டைப் பண்ண வரணும், `fit`ல ஏன் `X_tr` மட்டும்னு சொல்லவும் வரணும்.

வியாழன்: வாய்விட்டு பேசுறது. இந்த நாள மட்டும் எதுக்காகவும் விட்டுராத. நம்ம புள்ளைங்க பதில் தெரியாம தோக்குறது கம்மி, தெரிஞ்சத தலைக்குள்ளயே தமிழ்ல இருந்து மாத்திட்டு இருக்கும்போதே இன்டர்வியூ பண்றவர் அடுத்த கேள்விக்கு போயிருவார். ஒரு தலைப்பு எடு, மொதல்ல தமிழ்ல ரெண்டு நிமிஷம் சொல்லு, அப்புறம் அதையே சின்ன சின்ன இங்கிலீஷ் வாக்கியத்துல சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணு, கேளு, திரும்ப சொல்லு, மூணு தடவ. எழுதி மனப்பாடம் மட்டும் பண்ணாத, நடுவுல ஒரு கேள்வி வந்தா மொத்தமும் மறந்துரும். எண்ணோட சொன்னா வாய் தடுமாறாது: 100 பேர்ல 10 பேருக்கு நோய், மாடல் 20 பேர காட்டுது, அதுல 8 பேருக்கு தான் நெசமா நோய். பிரிசிஷன் 8/20, அதாவது 40%, ரீகால் 8/10, அதாவது 80%. அக்யுரசி 86% வருது, ஆனா யாருக்கும் நோயே இல்லன்னு சொன்னா 90% வந்துரும், அதனால இங்க அக்யுரசிய நம்ப முடியாது. இத நீ இங்கிலீஷ்ல தயங்காம சொன்னா பாதி இன்டர்வியூ முடிஞ்ச மாதிரி. அடுத்தடுத்த வாரம் ஓவர்ஃபிட்டிங், பயஸ் வேரியன்ஸ், எல்1 எல்2 வித்தியாசம், டிசிஷன் ட்ரீ இருக்கும்போது ரேண்டம் ஃபாரஸ்ட் எதுக்கு, இப்படி ஒன்னொன்னா போ.

வெள்ளி: ஆப்டிட்யூட் ஒரு மணி நேரம், எஸ்க்யூஎல்ல ஜாயின், க்ரூப் பை. அலுப்பா தான் இருக்கும், ஆனா மொத ரவுண்ட்லயே நெறைய பேர வடிகட்டுறது இது தான்.

சனி: ப்ராஜெக்ட். ரெஸ்யூமேல ஒன்னே ஒன்னு போதும், ஆனா அதுல எந்த வரிய தொட்டு கேட்டாலும் ஏன் அப்படி பண்ணேன்னு காரணம் சொல்லணும். டேட்டா எங்க இருந்து வந்துச்சு, மிஸ்ஸிங் வேல்யூவ என்ன பண்ண, எது சரியா வரல, இத மூணையும் கண்டிப்பா எழுதி வை.

ஞாயிறு: காலைல ஒரு பிரெண்டோட எதிரெதிர உக்காந்து 30 நிமிஷம் மாக் இன்டர்வியூ, அவன் உன்ன கேக்கட்டும், அப்புறம் நீ அவன கேளு. தெரியாத கேள்விக்கு தெரியாதுன்னே சொல்லிட்டு, தெரிஞ்ச வரைக்கும் யோசிச்சு சொல்றதையும் அங்கயே பழகிக்கோ. மத்தியானம் அம்மாவோட சாப்டு, தூங்கு, புக்க தொடாத. ராத்திரி 9 மணிக்கு வியாழக்கிழமை ரெக்கார்டிங்க எனக்கு வாட்சப்ல அனுப்பு, நான் கேட்டுட்டு எங்க எங்க நின்னன்னு சொல்றேன்.