ஓட்டிப் பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்

எங்கள் எலெக்ட்ரிக் டூவீலர் ஒரு முழு சார்ஜில் 130 கி.மீ. ஓடும் என்று போஸ்டரில் போட்டிருக்கிறோம். அது சான்றிதழுக்காக ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி அளந்த கணக்கு. அங்கே எதிர்காற்றும் கிடையாது, பள்ளமும் கிடையாது. ரோட்டில் அவ்வளவு வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நாங்களே ஓட்டிப் பார்த்தோம். புது பேட்டரி, முழு சார்ஜ், 70 கிலோ எடையில் ஒரே ஆள், ஈக்கோ மோடு, 40 கி.மீ. வேகம், டயரில் சரியான காற்று, 29 டிகிரி வெயில்: 98 கி.மீ. வந்தது. அதே வண்டியில் பின்னால் ஒருவரை ஏற்றி, ஸ்போர்ட் மோடில் 60-ஐத் தாண்டி விரட்டியபோது 71-லேயே நின்றுவிட்டது. (கடைசி அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் வந்தார்கள்.) பேட்டரி பழசாக ஆக இன்னும் குறையும்.

டெஸ்ட் ரைடு இலவசம். சனி, ஞாயிறு காலை 7 முதல் 11 வரை, 6 கி.மீ., நடுவில் ஒரு மேம்பாலம். ஏறும்போது டிஸ்ப்ளேயில் சதவீதம் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். ஒரிஜினல் லைசென்ஸ் கட்டாயம், ஹெல்மெட் நாங்கள் தருகிறோம். பின்னால் உட்கார வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டி வாருங்கள்.