நான்கு முறை சர்வீஸ் செய்தும் மீண்டும் எரியும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு குறித்த புகார்

திண்டுக்கல்
6 அக்டோபர் 2025

பெறுநர்
சர்வீஸ் மேலாளர் அவர்கள்,
கார் சர்வீஸ் மையம், மதுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

2023 மார்ச்சில் தங்கள் ஷோரூமில் வாங்கிய என் பிஎஸ்-6 டீசல் காரில், என்ஜின் எச்சரிக்கை விளக்கு ஐந்தாவது முறையாக எரிகிறது. முதல் நான்கு முறையும் உங்களிடம்தான் வண்டியைக் கொண்டுவந்தேன். நான்கு முறையும் "சரியாகிவிட்டது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தீர்கள். கவுன்ட்டரில் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டதால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

கடந்த சனிக்கிழமை, அக்டோபர் 4 அன்று நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த என் அம்மாவை மதுரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். காலை மடக்க முடியாததால் பின் இருக்கையில் நீட்டி உட்கார்ந்திருந்தார். வாடிப்பட்டியைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் வண்டியின் இழுவை செத்துவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லை. இருட்டிவிட்ட நேரம். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தபடி உரசிக்கொண்டு போயின. ஓரமாக நிறுத்தினால் அம்மாவை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற முடியாது. நிறுத்தாமல் போனால் எப்போது நின்றுவிடுமோ என்ற பயம். நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இனி உங்கள் ஜாப் கார்டுகளில் உள்ளபடி: ஜூன் 12 அன்று, 79,210 கிலோமீட்டரில், புகைக்கரி வடிகட்டி அடைத்திருக்கிறது என்று ஸ்கேனரை மாட்டி, சேர்ந்த கரியை எரித்து நீக்கும் ரீஜெனரேஷன் செய்து 1,850 ரூபாய் வாங்கினீர்கள். ஜூலை 8 அன்று, 82,060-இல், வடிகட்டியின் அழுத்த சென்சாரை வாரண்டியில் மாற்றினீர்கள். ஆகஸ்ட் 19 அன்று, 86,300-இல், சாஃப்ட்வேர் அப்டேட். செப்டம்பர் 22 அன்று, 89,700-இல், ரசாயனம் ஊற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்ததாக 9,440 ரூபாய். நான்கு கார்டிலும் வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் இருப்பது ஒரே வரி. நான்கிலும் கோளாறு எண், வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது என்னும் P2463. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு முறையும் "கோட் அழிக்கப்பட்டது, சோதனை ஓட்டம் சரி" என்று எழுதியிருக்கிறது.

கோடை அழித்தால் விளக்கு அணையும். கூடவே, கோளாறு பதிவான நொடியில் என்ஜின் எத்தனை சுற்று சுழன்றது, கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த பதிவும் அழிந்துவிடும். வண்டி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கி, அவை முடிந்த பிறகே விளக்கை மீண்டும் எரியவிடும். ஆகவே உங்கள் வாசலில் மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து விளக்கு எரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. எது தடயமோ அதையே ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு, பிறகு காரணம் தெரியவில்லை என்கிறீர்கள்.

மூன்றாவது முறை வந்தபோது உங்கள் ஆலோசகர், "மேடம், நீங்கள் டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறீர்கள். ஹைவேயில் ஓட்டினால் தானே சரியாகிவிடும்" என்றார். விளக்கம் கேட்டதற்கு, "சாரை வரச்சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறோம்" என்றார். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான். திண்டுக்கல்லில் வீடு, மதுரையில் கல்லூரி. வேலை நாள்தோறும் நான்கு வழிச் சாலையில் போக வர ஏறத்தாழ 125 கிலோமீட்டர். கொடைரோடு சுங்கச்சாவடியைத் தினம் இரண்டு முறை கடக்கிறேன். நான்கு மாத ஃபாஸ்டேக் கணக்கை இணைத்திருக்கிறேன், பாருங்கள். சந்தைக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் புகைபோக்கி போதிய அளவு சூடேறாமல் கரி சேரும் என்பது உண்மைதான். என் வண்டி அப்படி ஓடுவதில்லை. பிறகும் கரி சேர்கிறது என்றால், ஒன்று என்ஜின் அளவுக்கு மீறிக் கரி தள்ளுகிறது, அல்லது கரி இல்லாமலே இருப்பதாக அளவு தப்பாகக் காட்டுகிறது. இந்த இரண்டில் எது என்று நான்கு முறையில் ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை.

நேற்று எங்கள் ஊரில், பழைய மாணவர் ஒருவரின் வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மட்டும் மாட்டிப் பார்த்தோம். எதையும் கழற்றவில்லை, கோடையும் அழிக்கவில்லை. P2463-உடன் இந்த முறை, அழுத்த சென்சாரின் அளவு சரியில்லை என்னும் P2453-உம் இருக்கிறது. என்ஜினை அணைத்து இக்னிஷனை மட்டும் போட்டபோது, வடிகட்டியின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமான அழுத்த வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். திரையில் அப்படி இல்லை. சென்சாருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களில் ஒன்றில், கிளிப்புக்குப் பக்கத்தில், டார்ச் அடித்தபோது மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது. விரலால் தொட்டேன்; கரி ஒட்டியது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறது, டீசல் வாடை அடிக்கிறது. அடிக்கடி ரீஜெனரேஷன் நடந்து, டீசல் ஆயிலில் கலக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அது உண்மையானால் இனி விளக்கு மட்டும் பிரச்சினை இல்லை, என்ஜினே தேய்கிறது.

அந்தக் குழாய்தான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. கண்டுபிடிப்பது உங்கள் தொழில். ஆனால் ஜூலையில் புது சென்சார் போட்ட கை, அதே இடத்தில் மாட்டியிருக்கும் குழாயைத் தடவிப் பார்த்திருக்க வேண்டாமா? புது சென்சாரை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்களா என்பதற்கும் ஜாப் கார்டில் ஒரு வரி இல்லை.

வரும் வியாழன், அக்டோபர் 9 அன்று காலை 9 மணிக்கு வண்டியை மெதுவாக ஓட்டிக் கொண்டுவருகிறேன். கோடை அழிப்பதற்கு முன், எனக்கு முன்னால், பதிவுகள் முழுவதையும் அச்சிட்டு ஒரு பிரதி தாருங்கள். குழாய்கள், வயரிங், சென்சாரின் பூஜ்ய அளவு, இஜிஆர், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றைச் சோதித்து ஒவ்வொன்றிலும் கண்டதை எழுதித் தாருங்கள். உங்களால் முடியாவிட்டால் தயாரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவை அழையுங்கள். எத்தனை நாளானாலும் வண்டி உங்களிடம் இருக்கட்டும். அதுவரை எனக்கு மாற்று வண்டி வேண்டும். அம்மாவை வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறேன். கெட்டுப்போன ஆயிலை உங்கள் செலவில் மாற்றுங்கள். பயன் தராத இரண்டு வேலைகளுக்கு வாங்கிய 11,290 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.

மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. இன்று மீட்டரில் 90,900. நான் ஓட்டும் கணக்கில் ஜனவரியில் லட்சத்தைத் தொட்டுவிடும். இன்னும் இரண்டு முறை கோடை அழித்தால் வாரண்டி முடிந்துவிடும், வடிகட்டியின் விலை என் தலையில் விழும். அதனால் இந்தக் கோளாறு முதலில் பதிவானது ஜூன் 12, 79,210 கிலோமீட்டரில் என்பதையும், இது தீரும்வரை வாரண்டிக்கு உட்பட்டதே என்பதையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

இக்கடிதத்தின் நகலைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புகிறேன். அக்டோபர் 21-க்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்த அலைச்சல் எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். உங்கள் வொர்க்‌ஷாப்பில் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள் என்பதை முதல் இரண்டு ஆண்டு சர்வீஸில் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம் இந்த வண்டியை அவசரமில்லாமல் ஒப்படையுங்கள். வியாழக்கிழமை நீங்களே நேரில் இருந்தால் நன்றியுடையவளாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ச. மங்கையர்க்கரசி

இணைப்பு: நான்கு ஜாப் கார்டுகள், இரண்டு ரசீதுகள், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஃபாஸ்டேக் கணக்கு, அக்டோபர் 5 அன்று எடுத்த ஸ்கேனர் திரை, குழாய், ஆயில் கம்பி ஆகியவற்றின் படங்கள்.