குடிநீர் சுத்திகரிப்புக் கருவிகளுக்கான ஆண்டுப் பராமரிப்புத் திட்டம் நிறுத்தப்படுவது குறித்த அறிவிப்பு

நாகர்கோவில்,
01.12.2025

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் நடத்திவரும் ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், தங்களிடம் உள்ள பழைய வகைக் கருவிக்கான உதிரிபாகங்களின் தயாரிப்பு நின்றுவிட்டதால், 31.12.2025 அன்றுடன் நிறுத்தப்படுகிறது. தங்களுடனான ஒப்பந்தமும் அன்றே முடிவடையும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புநீரால் மெம்பரேன் விரைவில் அடைபடுவதை அறிவோம். ஆயினும் பொருந்தாத பாகத்தைப் பொருத்திவிட்டுப் பணம் வாங்குவது முறையாகாது.

ரூ.3,600 ஆண்டுக் கட்டணத்தில், சேவை பெறாத ஒவ்வொரு மாதத்திற்கும் ரூ.300 வீதம், பிடித்தம் ஏதுமின்றித் திருப்பித் தரப்படும். மார்ச் முடிய செலுத்தியவருக்கு, எடுத்துக்காட்டாக, ரூ.900 கிடைக்கும்.

கட்டண ரசீது, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களுடன், கையெழுத்திட்ட விண்ணப்பத்தை 31.01.2026-க்குள் நாகர்கோவில், தக்கலை அல்லது மார்த்தாண்டம் கிளையில் அளிக்கவும். ரசீது தொலைந்திருந்தால், கருவியின் பின்புறம் ஒட்டியுள்ள சர்வீஸ் அட்டையின் நகல் போதும். விண்ணப்பம் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் தொகை வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்படும். வீடு தேடி வரும் பணியாளர் எவரிடமும் ஓ.டி.பி. எண்ணைக் கூற வேண்டாம். டிசம்பர் 31 வரை பதிவாகும் புகார்கள் வழக்கம்போல் சரிசெய்து தரப்படும்.

இப்படிக்கு,
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு