நிலத்தடி நீரியல் முதுநிலைப் படிப்பு: இந்த ஆண்டு சேர இயலாமை குறித்து

சேர்க்கைக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீரியல் முதுநிலைப் படிப்பில் எனக்கு இடமும் உதவித்தொகையும் ஒதுக்கியிருப்பதாகத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மனமார்ந்த நன்றி. பலமுறை யோசித்த பிறகே இதை எழுதுகிறேன்: இந்த ஆண்டு என்னால் சேர இயலாது. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு இடமும் உதவித்தொகையும் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்பதால், கடைசித் தேதி வரை காக்க வைக்காமல் இப்போதே தெரிவிக்கிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுவதுதான் முறை. நான் வேலை பார்க்கும் திட்டத்தில் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்து வருகிறோம். மழைக்காலம், வறண்ட காலம் இரண்டும் சேர்ந்த முழுச் சுற்று கையில் இருந்தால்தான் அந்த எண்களை வைத்து எதையாவது உறுதியாகச் சொல்ல முடியும். நான் இடையில் கிளம்பினால் அளவீடு தடைபடும். ஒரு நாளின் நீர்மட்டத்தை அன்றைக்குத்தான் அளக்க முடியும். விட்டுப்போனதைப் பிறகு யார் வந்தாலும் மீட்க முடியாது. தங்கள் துறையினருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நேர்காணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றில் பம்பு ஓடும்போது எடுத்த நீர்மட்ட அளவு, நிறுத்திய பின் எடுத்த அளவு, இரண்டில் எதை அதிகம் நம்புவீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். ஓடும்போது நீர் வெளியேறும் வேகம் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் அளவிலும் தெரியும், நிறுத்திய பின் அந்தத் தொல்லை இல்லை என்றேன். “சரி, அப்படியானால் நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் கிணற்றடியில் இருப்பீர்கள்?” என்றார். அதற்குப் பின் நடந்த விவாதம் எனக்கு வகுப்பில் உட்கார்ந்தது போலவே இருந்தது. இப்போதெல்லாம் பம்பை நிறுத்திய முதல் நிமிடங்களில் அடுத்தடுத்தும், அப்புறம் இடைவெளி விட்டும், மட்டம் பழைய நிலையை நெருங்கும் வரை அளக்கிறேன். அவருக்கு என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

எனக்கான இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கும்படி நான் கேட்கவில்லை. திட்டம் எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருப்பது நியாயமாகப் படவில்லை. வேலை முடிந்ததும், அதன் முடிவுகளோடு, மற்றவர்களைப் போலவே புதிதாக விண்ணப்பிக்க ஆசைப்படுகிறேன். அப்போது இப்போதைய பரிந்துரைக் கடிதங்கள் செல்லுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்பதை மட்டும் நேரம் கிடைக்கும்போது தெரிவித்தால் உதவியாக இருக்கும். நான் ஏதேனும் படிவத்தில் கையெழுத்திட்டு இடத்தை விடுவிக்க வேண்டியிருந்தால் அனுப்பி வையுங்கள். உடனே திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடனும் மதிப்புடனும்,
கவிதா