மெட்டு கழன்ற வீணைக்காக விட்ட வொய்ஸ்மெயில்

வணக்கம் ஐயா. நான் ஸ்காபரோவில இருந்து சிவகௌரி கதைக்கிறன். நீங்கள் என்னை அறிஞ்சிருக்க மாட்டியள், இண்டைக்குத்தான் முதல் எடுக்கிறன். மார்க்கம் நகரில வீணை படிப்பிக்கிற வாசுகி ரீச்சர்தான் உங்கட நம்பர் தந்தவ. என்ர வீணையில மெட்டுகள் மெழுகு விட்டு ஆடுது, திரும்ப மேளம் கட்ட வேணும், அதுக்குத்தான் எடுத்தனான். என்ர நம்பரை முதலே சொல்லிவிடுறன்: 4 1 6... 5 5 5... 0 1 4 2. கடைசியிலயும் ஒருக்காச் சொல்லுறன்.

கொஞ்சம் விவரமாய்ச் சொன்னால் நீங்கள் என்ன சாமான் ஆயத்தம் பண்ண வேணுமெண்டு யோசிக்க லேசாய் இருக்கும். வீணை தஞ்சாவூர் ஏகாண்டம், முழுக்கப் பலா. சாரணியை மூண்டு கட்டைக்குச் சேத்து வைச்சிருக்கிறனான். குடம், தண்டி, யாளி ஒண்டிலயும் வெடிப்பு இல்லை. டோர்ச் அடிச்சுப் பாத்தனான். பிழை மெழுகிலதான். இந்த விண்டர் முழுக்க வீட்டில ஹீற்றர் ஓடினதில காத்து நல்லாக் காய்ஞ்சு போச்சு. மரம் சுருங்க, மெழுகு மெட்டுக்குக் கீழ மயிர்க்கோடு மாதிரி வெடிச்சிட்டுது. இருபத்திநாலு மெட்டில பதினாலு தொடக்கம் பதினெட்டு வரைக்கும் ஐஞ்சும் ஆடுது. பதினாறாவது கையோட வந்திட்டுது. அதை ஒரு கவருக்குள்ள போட்டு, சாரணிப் பக்கம் எந்த முனை எண்டும் குறிச்சு வைச்சிருக்கிறன்.

சத்தம் எப்பிடியெண்டால், ஏழாவது மெட்டில பஞ்சமம் சுத்தமாய் நிக்குது. பன்னிரண்டாவதில மேல் சட்ஜம் கொஞ்சம் கூடிக் கேக்குது. திறந்த தந்தியோட சேத்து மீட்டினால் அலை அடிக்கிறது தெரியும். அதுக்கு அங்கால, தந்தியை இழுத்துக் கமகம் பிடிச்சால் மெட்டும் சேந்து அசையுது, சுரம் நிக்குதில்லை. குதிரை நகர்ந்ததோ, பன்னிரண்டாவது மெட்டும் அசைஞ்சிட்டுதோ எண்டு எனக்குச் சரியாய்ப் பிடிபடேல்லை. நீங்கள்தான் பாத்துச் சொல்ல வேணும். ஐஞ்சை மட்டும் திரும்ப இருத்தினால் காணுமோ, இல்லாட்டி பழைய மெழுகை முழுக்க எடுத்துப்போட்டு இருபத்திநாலையும் புதுசாய் வைக்கிறதோ நல்லது? என்ர எண்ணத்தில முழுக்க வைக்கிறதுதான் நல்லது, ஏனெண்டால் பாதி பழைய மெழுகு, பாதி புது மெழுகு எண்டால் அடுத்த விண்டரும் பொருத்தில விடும். ஆனால் முடிவு உங்கட கையில.

நான் ஒண்டும் கை வைக்கேல்லை ஐயா. பசை போடேல்லை, ஹெயர் டிரையர் பிடிச்சு மெழுகை இளக்கப் பாக்கேல்லை. தந்திகளை ஒரு சுரமளவு மட்டும் இறக்கி வைச்சிருக்கிறன். முழுக்கத் தளர்த்தினால் குதிரை இடம் மாறிப் போகும். குதிரை இருக்கிற இடத்தைப் பென்சிலால சுத்தி அடையாளமும் போட்டிருக்கிறன். இப்ப ஹியூமிடிபயர் பூட்டி அறையில ஈரப்பதன் நாப்பதில நிக்குது. புதுத் தந்தி ரெண்டு செற் என்னட்ட இருக்கு, வேணுமெண்டால் கொண்டு வாறன்.

மே 16ஆந் தேதி பிள்ளையளின்ர கச்சேரி இருக்கு. புது மெழுகு இறுகிச் சுருதி நிக்க ஒரு கிழமையாவது வேணும், அதால மே 8ஆந் தேதிக்கு முன்னம் வீணை கைக்கு வந்தால் பெரிய உதவி. உங்களுக்கு அதுக்குள்ள ஏலாதெண்டால் அதையும் தயங்காமல் சொல்லுங்கோ, பிள்ளையளுக்கு வேற வீணை ஒண்டு இரவல் கேக்க எனக்கு நேரம் கிடைக்கும். எத்தினை நாள் உங்களிட்ட விட வேணும், செலவு அண்ணளவாய் எவ்வளவு வரும் எண்டதையும் சொன்னால் நல்லது. நானே கொண்டு வந்து தருவன். குளிர் பட்டால் மெழுகு இன்னும் வெடிக்குமெண்டு, காரைச் சூடாக்கினாப் பிறகுதான் பெட்டியை உள்ள ஏத்துவன்.

வேலை நாளில பின்னேரம் ஐஞ்சு மணிக்குப் பிறகும், சனி ஞாயிறில எந்த நேரமும் எடுக்கலாம். வகுப்பு நடக்கேக்க எடுக்கேலாமல் போனால் ஒரு மெசேஜ் விடுங்கோ, அண்டிரவே திருப்பி எடுப்பன். இதே நம்பரில வட்ஸ்அப்பும் இருக்கு. நீங்கள் ஓமெண்டால் மெட்டுகளைப் பக்கவாட்டில எடுத்த போட்டோ நாலு அனுப்பி விடுறன்.

பேர் சிவகௌரி. நம்பர் 4 1 6... 5 5 5... 0 1 4 2. திரும்பவும், 416, 555, 0142. மெத்தப் பெரிய உபகாரம் ஐயா, வைக்கிறன்.